ஆங்கில வணிகப் பெயரைத் தமிழில் எழுதுவது எப்படி? பெயர்ப்பலகையில் தவறும் இடங்கள்

தமிழ்நாட்டில் கடைகளின் பெயர்ப்பலகைகளில் தமிழ் முதலிலும் பெரிதாகவும் இடம்பெற வேண்டும் என்பது விதி. தமிழ், ஆங்கிலம், பிறமொழி ஆகியவற்றுக்கு 5:3:2 என்ற விகிதம் வகுக்கப்பட்டுள்ளது. இந்த அளவைக் கடைப்பிடித்த பலகைகளிலும் பெயரின் எழுத்துகள் பிழையாக அமைந்துவிடுவது உண்டு.

ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தமிழுக்கு மாற்றுவதே இதற்கு முதன்மைக் காரணம். தமிழில் ஒரு வல்லின எழுத்தின் ஒலி, அது சொல்லில் வரும் இடத்தைப் பொறுத்தது. சொல்லின் முதலிலும், இரட்டித்து வரும்போதும் அது வன்மையாக ஒலிக்கும். இரண்டு உயிரொலிகளுக்கு இடையே தனித்து வந்தால் மென்மையாகிவிடும். 'வட்டம்', 'வடம்' என்ற சொற்களைச் சொல்லிப் பார்த்தால் இந்த வேறுபாடு விளங்கும்.

காலணி நிறுவனமான பாட்டாவின் பெயர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆங்கிலத்தில் அப்பெயரின் நடுவில் ஒரே ஒரு 'டி' எழுத்துதான் உள்ளது. அதைப் பார்த்து 'பாடா' என எழுதினால், 'பாடாதே' என்பதில் உள்ள மெல்லிய ஒலியே வரும். எனவே 'பாட்டா' என இரட்டித்து எழுதுவதே சரியான ஒலியைத் தரும். முதலெழுத்து 'பாடம்' என்பதில் உள்ளதுபோல் வன்மையாக ஒலிக்கக்கூடாது என்பதைக் காட்டத் தமிழில் தனி எழுத்து இல்லை. அந்தக் குறையை நிறுவனத்தின் சிவப்பு நிற எழுத்து வடிவமும் மக்களின் பழக்கமும் ஈடுசெய்கின்றன.

சில ஒலிகளுக்கு ஆய்த எழுத்து துணைபுரிகிறது. 'கபே' என்று எழுதினால் 'சபை' என்பதில் உள்ள பகர ஒலியே வருகிறது; 'கஃபே' என்று எழுதினால் உணவகம் என்பது உடனே புலப்படும். எனினும் 'காபி' போல மக்களிடம் நிலைத்துவிட்ட வடிவங்களை மாற்றினால் குழப்பமே மிஞ்சும்.

பெயரை ஒலிபெயர்க்கலாம்; அதனுடன் வரும் பொதுச்சொல்லை மொழிபெயர்ப்பதே பொருத்தம். 'பேக்கரி' என்பதை 'அடுமனை' என்று எழுதினாலும் கடையின் அடையாளம் மாறாது.

அச்சிடும்போதும் கவனம் தேவை. தொலைவில் இருந்து பார்க்கையில் புள்ளி தெரியாவிட்டால் 'பெப்சி' என்பது 'பெபசி' ஆகிவிடும். பழைய வடிவமைப்பு மென்பொருளில் கொம்பு இடம் மாறி, எழுத்து சிதைந்து வருவதும் உண்டு.

இப்பிழைகளைக் கண்டறிய எளிய வழி உள்ளது. ஆங்கிலப் பெயரையும் நிறுவனச் சின்னத்தையும் மறைத்து, தமிழ் எழுத்தை மட்டும் ஒருவரிடம் காட்டி, உரக்கப் படிக்கச் சொல்ல வேண்டும். அவர் தயங்காமல் சரியாகப் படித்தால் அந்த வடிவத்தையே எல்லாக் கிளைகளுக்கும் பயன்படுத்தலாம். ஒரே பெயர் ஊருக்கு ஒரு விதமாக எழுதப்பட்டால், எந்த வடிவமும் வாடிக்கையாளர் மனத்தில் பதியாது.