நேரத்தை மொத்தமாக வாங்கி சில்லறையாக விற்கலாமா? - காலண்டர் ஸ்ப்ரெட் கணக்கு

எங்கள் குடியிருப்பின் மாடியில் இருப்பவர் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். போன வாரம் மொபைலை நீட்டியபடி கீழே இறங்கி வந்தார்.

"தம்பி, இந்த வீடியோவைப் பாருங்க. நிஃப்டி எங்கேயும் போகாம சும்மா நின்னாலே போதுமாம். 13,650 ரூபாய் போட்டா ஒரே வாரத்துல 7,800 ரூபாய் லாபம்னு சொல்றார். காலண்டர் ஸ்ப்ரெட்னு பேரு. கணக்கைப் போட்டுப் பார்த்தேன், சரியாத்தான் வருது. நாலு லாட் போடலாம்னு இருக்கேன். கணக்குல மூணு லட்சம் வெச்சிருக்கேன்."

"கணக்கு சரிதான் சார். அதுல எதைச் சொல்லாம விட்டிருக்காங்கன்னு பார்ப்போம், உட்காருங்க" என்றேன். அன்று அவரோடு உட்கார்ந்து போட்ட கணக்கைத்தான் இங்கே தருகிறேன்.

நாலு மடங்கு நாள், இரண்டு மடங்கு விலை

நிஃப்டி இப்போது 25,000 புள்ளியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 25,000 ஸ்ட்ரைக் விலைக்கான கால் ஆப்ஷன்கள் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்று அடுத்த செவ்வாய்க்கிழமை, அதாவது 7 நாளில் முடிகிறது. இன்னொன்று 28 நாள் கழித்து மாதக் கடைசி செவ்வாயன்று முடிகிறது. சந்தை எதிர்பார்க்கும் ஏற்ற இறக்கம் ஆண்டுக்கு 12 சதவிகிதம் என்றால், 7 நாள் ஆப்ஷனின் விலை சுமார் 180 ரூபாய் இருக்கும். 28 நாள் ஆப்ஷன் சுமார் 390 ரூபாய்.

நாட்கள் நாலு மடங்கு, விலையோ இரண்டு மடங்கை ஒட்டித்தான் இருக்கிறது. ஆப்ஷனில் காலத்துக்கான விலை, நாட்களின் வர்க்கமூலத்தை ஒட்டியே போகும் என்பதுதான் காரணம். நாலின் வர்க்கமூலம் இரண்டு. வட்டிக்கான ஒரு சிறு தொகை மட்டும் அதன்மேல் சேர்கிறது.

மளிகைக் கடைக்காரர் மூட்டையாக வாங்கி, கிலோ கணக்கில் விற்பதைப் போன்றதுதான் இது. நாலு வார நேரத்தை 390 ரூபாய்க்கு மொத்தமாக வாங்குகிறோம். அதில் முதல் வாரத்தை மட்டும் 180 ரூபாய்க்குச் சில்லறையாக விற்கிறோம். கையிலிருந்து போவது 210 ரூபாய். ஒரு லாட்டுக்கு 65 என்ற கணக்கில் 13,650 ரூபாய்.

ஒரு வாரம் ஓடுகிறது. நிஃப்டி அதே 25,000-ல் முடிகிறது. நாம் விற்ற ஆப்ஷனின் மதிப்பு பூஜ்யம், 180 ரூபாயும் நமக்கே. வாங்கிய ஆப்ஷனில் இன்னும் 21 நாள் பாக்கி, அதன் விலை சுமார் 330 ரூபாய். ஒரே வாரத்தில் கிட்டத்து ஆப்ஷன் 180 ரூபாய் கரைந்தது, தூரத்து ஆப்ஷன் 60 ரூபாய்தான் கரைந்தது. இந்த வித்தியாசமான 120 ரூபாய்தான் லாபம். 65 ஆல் பெருக்கினால் 7,800. வீடியோவில் சொன்னது பொய்யில்லை.

நகர்ந்தால் என்ன ஆகும்?

"சரி, நிஃப்டி நிக்காம நகர்ந்துடுச்சுன்னா?" என்று கேட்டார் ஆசிரியர்.

அதே செவ்வாயன்று நிஃப்டி 600 புள்ளி ஏறி 25,600-ல் முடிகிறது என்று வைப்போம். நாம் விற்ற ஆப்ஷனுக்கு 600 ரூபாய் கொடுத்தாக வேண்டும். கையிலிருக்கும் 21 நாள் ஆப்ஷனின் விலை சுமார் 755 ரூபாய். மீதி 155. போட்டதோ 210. லாட்டுக்கு 3,575 ரூபாய் நஷ்டம்.

600 புள்ளி இறங்கி 24,400-ல் முடிந்தால்? விற்றது பூஜ்யமாகிவிடும், அது நல்லதுதான். ஆனால் வாங்கிய ஆப்ஷனும் சுமார் 100 ரூபாய்க்கு வந்துவிடும். நஷ்டம் 110 ரூபாய், லாட்டுக்கு 7,150.

இந்தக் கணக்கில் நிஃப்டி ஏறக்குறைய 24,750-க்கும் 25,330-க்கும் நடுவில் முடிந்தால்தான் லாபம். கீழே ஒரு சதவிகிதம், மேலே ஒன்றேகால் சதவிகிதத்துக்குச் சற்று மேல். 7,800 ரூபாய் என்பது சரியாக 25,000-ல் முடிந்தால் மட்டுமே கிடைக்கும் உச்சம். விலகும் ஒவ்வொரு புள்ளிக்கும் அது தேய்ந்துகொண்டே வரும்.

சந்தை நின்றாலும் லாபம் தேயலாம்

வீடியோவில் இல்லாத விஷயம் இது. தூரத்து ஆப்ஷனை வாங்கியிருப்பதால், சந்தையின் பதற்றத்தையும் சேர்த்தே விலைக்கு வாங்கியிருக்கிறோம். எதிர்பார்க்கப்படும் ஏற்ற இறக்கம் 12 சதவிகிதத்திலிருந்து 11-ஆகக் குறைந்தால், 28 நாள் ஆப்ஷன் சுமார் 28 ரூபாய் இழக்கும். 7 நாள் ஆப்ஷன் 14 ரூபாய்தான் இழக்கும். அதாவது பதற்றம் தணிந்தால் நமக்கு நஷ்டம்.

நிஃப்டி சரியாக 25,000-லேயே முடிந்து, இந்த அளவு 12-லிருந்து 9-க்கு இறங்கியிருந்தால் 21 நாள் ஆப்ஷன் 330-க்குப் பதில் 260 ரூபாய்க்குத்தான் போகும். லாபம் 120-லிருந்து 50-ஆகச் சுருங்கிவிடும். 'நிஃப்டி அசையவே இல்லையே, லாபம் எங்கே?' என்று குழம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்தியா விக்ஸ் என்ற குறியீட்டைத்தான்.

இதிலிருந்து ஒரு பாடம் கிடைக்கிறது. விக்ஸ் தாழ்ந்திருக்கும்போது தொடங்குவது நல்லது. உச்சத்தில் இருக்கும்போது தொடங்கினால் அது இறங்கும், நம் லாபத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும்.

தேர்தல் முடிவு, பட்ஜெட் போன்ற நாட்களுக்கு முன் கிட்டத்து ஆப்ஷனின் பிரீமியம் கொழுத்துக் கிடக்கும். 'அதை விற்றால் நல்ல காசு' என்று ஆசை வரும். பெரிய நகர்வு வரலாம் என்பதற்கான விலைதான் அந்தக் கொழுப்பு. 2024 ஜூன் 4, மக்களவைத் தேர்தல் முடிவு வந்த நாளில் நிஃப்டி ஒரே நாளில் கிட்டத்தட்ட 6 சதவிகிதம் விழுந்தது. நம் கணக்கில் அது 1,500 புள்ளி. அன்று 26-ஐத் தாண்டி முடிந்த விக்ஸ், மறுநாளே 19-க்குப் பக்கத்தில் இறங்கியது. முதல் நாள் நகர்வு அடித்தது, மறுநாள் பதற்றம் தணிந்தது. காலண்டர் ஸ்ப்ரெட்டுக்கு இரண்டுமே பகை.

செவ்வாய்க்கிழமை மார்ஜின்

ஆசிரியரின் முகம் மாறியது அடுத்த விஷயத்தைக் கேட்டபோதுதான்.

ஆப்ஷனை விற்பவரிடம் பங்குச் சந்தை மார்ஜின் என்ற பிணைத்தொகையைக் கேட்கும். கையில் தூரத்து ஆப்ஷனும் இருந்தால் ஒன்றுக்கு ஒன்று ஈடு என்று அந்தத் தொகை பெரிதும் குறையும். ஆனால், முடிகிற நாளன்று முடியும் ஆப்ஷனுக்கு இந்தச் சலுகை கிடையாது. செபி கொண்டுவந்த விதி இது, 2025 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. அன்று ஈடு எதுவும் இல்லாமல் விற்றவரைப் போலவே நம்மையும் கணக்கிடுவார்கள். குறியீட்டு ஆப்ஷனை விற்றவர்களுக்கு, முடிகிற நாளன்று கூடுதலாக 2 சதவிகித மார்ஜினும் உண்டு.

25,000 புள்ளியில் ஒரு லாட்டின் மொத்த மதிப்பு 16 லட்சத்து 25 ஆயிரம் ரூபாய். முழு மார்ஜின் என்றால் லாட்டுக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேல் வேண்டும். ஆசிரியர் நினைத்த நாலு லாட்டுக்கு 6 லட்சத்தைத் தாண்டும். அவரிடம் இருப்பது 3 லட்சம். பணம் போதவில்லை என்றால் அபராதம் விழும், அல்லது தரகு நிறுவனமே நமக்குப் பாதகமான விலையில் முடித்துவிடும்.

"அப்போ திங்கட்கிழமையே வெளிய வந்துடறேன்" என்றார்.

வரலாம், வரவும் வேண்டும். ஆனால் லாபம் எவ்வளவு என்று பாருங்கள். திங்களன்று நிஃப்டி 25,000-லேயே இருந்தாலும், ஒரு நாள் பாக்கியுள்ள ஆப்ஷன் இன்னும் 65 ரூபாய் விலையில் இருக்கும். அதைத் திரும்ப வாங்க வேண்டும். 22 நாள் பாக்கியுள்ளது சுமார் 339-க்குப் போகும். மீதி 274, லாபம் 64 ரூபாய். லாட்டுக்கு 4,160. வீடியோவில் சொன்ன 7,800-ல் கிட்டத்தட்ட பாதி, கடைசி ஒரே நாளில்தான் வருகிறது. அந்த நாளுக்குத்தான் சலுகை இல்லை.

விலை என்று திரையில் தெரிவது

இன்னொரு கசிவும் உண்டு. கிட்டத்து வார ஆப்ஷனில் வியாபாரம் அதிகம். வாங்குபவர் விலைக்கும் விற்பவர் விலைக்கும் இடைவெளி மிகக் குறைவு. தூரத்தில் அந்த இடைவெளி அகலமாகலாம். உள்ளே போக இரண்டு ஆர்டர், வெளியே வர இரண்டு ஆர்டர். ஒவ்வொன்றிலும் இரண்டரை ரூபாய் நழுவினால் மொத்தம் 10 ரூபாய், லாட்டுக்கு 650. தரகு, வரி தனி. அதனால் மார்க்கெட் ஆர்டர் போடாமல் விலையைக் குறிப்பிட்டு லிமிட் ஆர்டர் போடுவதே சரி.

வரிசையும் முக்கியம். உள்ளே போகும்போது முதலில் வாங்கிவிட்டுப் பிறகு விற்க வேண்டும். வெளியே வரும்போது விற்றதை முதலில் திரும்ப வாங்கிவிட்டு, கையிலிருப்பதைப் பிறகு விற்க வேண்டும். மாற்றிச் செய்தால் நடுவில் சில நொடிகள் ஈடில்லாமல் விற்றவராக நிற்போம், முழு மார்ஜின் கேட்கும்.

நிஃப்டி ஆப்ஷன் பணமாகத்தான் தீர்க்கப்படும். தனிப் பங்கு ஆப்ஷன் அப்படியல்ல. பங்கின் விலை ஸ்ட்ரைக்குக்கு மேல் முடிந்தால், கால் விற்றவர் பங்கையே டெலிவரி தர வேண்டும். அதனால் இந்தப் பரிசோதனையைத் தனிப் பங்கில் தொடங்கக் கூடாது.

நோட்டில் எழுதிய நாலு வரி

2024-25 நிதியாண்டில் பங்குச் சந்தையின் இந்தப் பிரிவில் வியாபாரம் செய்த தனிநபர்களில் சுமார் 91 சதவிகிதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்பது செபியின் ஆய்வு. காலண்டர் ஸ்ப்ரெட்டில் நஷ்டத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது என்பது உண்மைதான். இரண்டு ஆப்ஷனும் கையில் இருக்கும்வரை, போட்ட 210 ரூபாய்க்கு மேல் அநேகமாகப் போகாது. ஆனால் கிட்டத்து ஆப்ஷன் முடிந்த பிறகும் தூரத்து ஆப்ஷனை 'பார்ப்போம்' என்று வைத்திருந்தால் அது வேறு விளையாட்டு. அப்போது நேரம் நமக்கு எதிராக ஓட ஆரம்பிக்கும்.

ஆசிரியர் சட்டைப்பையிலிருந்து சிறு நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். ஒரே ஒரு லாட். விக்ஸ் தாழ்வா என்று பார்த்து நுழைவு. 24,750 அல்லது 25,330-ஐத் தொட்டால் அன்றே வெளியேற்றம். எதுவும் ஆகாவிட்டால் திங்கள் மதியம் 3 மணிக்கு முடிவு.

"முதல் மூணு மாசம் பணம் போடாம, நோட்டுலயே விலையை எழுதி ஓட்டிப் பார்க்கறேன் தம்பி. பசங்களுக்கு இத்தனை வருஷம் வழிமுறையைக் காட்டாம விடையை மட்டும் எழுதினா மார்க் கிடையாதுன்னு சொல்லிட்டு, நானே விடையை மட்டும் பார்த்துட்டேனே" என்று சிரித்தபடி மாடியேறினார்.

இந்தச் செவ்வாய் பார்த்தபோது நோட்டைக் காட்டினார். முதல் வாரக் கணக்கு: திங்கள் வெளியேற்றம், வழுக்கல் போக லாபம் 19 ரூபாய். கீழே சிவப்பு மையில் ஒரு குறிப்பு: '64 எதிர்பார்த்தேன். நிஃப்டி 190 புள்ளி நகர்ந்துவிட்டது.'