பகுதிநேரப் பணியும் பள்ளி வருகையும்

தொம்மலூரில் 15 வயது மாணவன் ஒருவன், மாலை 4 மணிக்குப் பள்ளி முடிந்ததும் மளிகைக் கடையில் பணிபுரிவதாகக் கொள்வோம். 14 வயது நிறைந்து 18 வயது நிறையாதோரை இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை பணியில் ஈடுபடுத்தக் கூடாது என்பது சட்டம். எனவே, அவன் 7 மணிக்குள் பணியை முடித்தல் வேண்டும்.

அந்த மூன்று மணி நேரத்தில் கணக்கிட்டுச் சில்லறை தரவும் வாடிக்கையாளரிடம் கன்னடத்தில் உரையாடவும் அவன் கற்கிறான். பணி 10 மணிவரை நீண்டால், முதலில் வீட்டுப்பாடம் தவறும், மதிப்பெண் குறையும். பின்னர், உறக்கமின்மையால் பள்ளிக்குச் செல்வதும் தடைப்படும்.

வாரத்தில் ஐந்து பள்ளி நாள்களுள் இரண்டு தவறினால் வருகை 60 விழுக்காடே. மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் பொதுத்தேர்வு எழுத 75 விழுக்காடு தேவை. ஆதலால், வீட்டுப்பாடம் தவறத் தொடங்கும்போதே பணிநேரத்தைக் குறைத்தல் வேண்டும்.