20ஆம் தேதி யார் இல்லாவிட்டாலும்

நான்கு கணினிகளோடு இயங்கும் ஒரு வரி ஆலோசகர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். மாதம் பிறந்தால் 20ஆம் தேதிக்குள் வாடிக்கையாளர்களின் ஜிஎஸ்டிஆர்-3பி படிவங்களைத் தாக்கல் செய்தாக வேண்டும். தவறினால், வரி கட்ட வேண்டியவருக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி தனி.

அன்று காலை 9 மணிக்குப் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தினால், திரும்பி வரப் பிற்பகல் 2 மணியாவது ஆகும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியின் கணக்கு 1800 வாட்-மணி. இழப்பு போக, பேட்டரியை அடியோடு வடித்துவிடாமல் எடுக்கக்கூடியது சுமார் 1000. திரையோடு சேர்த்து ஒரு கணினிக்கு 100 வாட் என்றால், நான்கும் ஓடினால் இரண்டரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். இரண்டு கணினியும் இணைய ரவுட்டரும் மட்டும் ஓடினால் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் தாங்கும். எந்த இரண்டு என்பதை முன்பே முடிவு செய்து எழுதி ஒட்டிவிடுங்கள். லேசர் பிரிண்டரை அந்த இணைப்பில் சேர்க்கவே கூடாது.

அடுத்தது டேலி கணக்குகள். பேக்கப் எடுத்த ஹார்டு டிஸ்க்கைக் கணினியிலேயே செருகி வைத்திருந்தால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் அதையும் சேர்த்தே பூட்டிவிடும். இரண்டு டிஸ்க்குகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். ஒன்று எப்போதும் அலுவலகத்துக்கு வெளியே இருக்கட்டும். மாதம் ஒருமுறை அந்த நகலை வேறொரு கணினியில் மீட்டுத் திறந்து, கடைசி வவுச்சர் எண்ணும் வங்கி இருப்பும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். வேலை நடக்கும் கணினியிலேயே மீட்டால் பழைய நகல் புதிய பதிவுகளை அழித்துவிடக்கூடும். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப்பாகவே எண்ணுவதில்லை.

இந்த இரண்டையும் சரிசெய்த அலுவலகங்கள்கூட ஆளிடம்தான் சிக்கிக்கொள்கின்றன. பல இடங்களில் வாடிக்கையாளரின் ஜிஎஸ்டி பதிவில் இருப்பது கணக்கு பார்க்கும் ஊழியரின் கைப்பேசி எண். அவர் மருத்துவமனையில் சேர்ந்தால் ஓடிபி அவரோடு போய்விடும். கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் இரண்டுமே எட்டாமல் போனால், அந்தச் சரக வரி அதிகாரியிடம் ஆவணங்களோடு போய் மாற்ற வேண்டியிருக்கும். அது ஒரே நாளில் முடியும் என்று நம்பி இருக்க முடியாது. எனவே பதிவில் வாடிக்கையாளரின் சொந்த எண்ணே இருக்கட்டும். தளத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட அங்கீகரிக்கப்பட்ட கையொப்பதாரர்களைச் சேர்க்க வழி உண்டு. டிஜிட்டல் கையொப்பம் கட்டாயமான கம்பெனிகளில் இரண்டாவது இயக்குநரின் கையொப்பத்தையும் பதிந்துவைப்பது நல்லது. ஒருவருடைய டோக்கனையும் பின் எண்ணையும் இன்னொருவர் வாங்கிப் பயன்படுத்துவது மாற்றுவழி ஆகாது.

நெருக்கடி இல்லாத மாதத்தின் முதல் வாரத்தில் அந்த மூத்த ஊழியருக்கு ஒருநாள் விடுமுறை கொடுங்கள். அவருக்குப் போன் செய்யாமல், மற்றவர்கள் ஒரே ஒரு வாடிக்கையாளரின் படிவத்தைத் தாக்கல் செய்து முடிக்கட்டும். எந்த இடத்தில் வேலை நின்றதோ, அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.