240 வோல்ட் எப்படி 415 ஆகிறது?

மும்முனை மின்சாரத்தில் சிவப்புக் கம்பிக்கும் நியூட்ரலுக்கும் நடுவே ஏறக்குறைய 240 வோல்ட் இருக்கும். மஞ்சளுக்கும் நியூட்ரலுக்கும் நடுவிலும் அதே 240தான். ஆனால் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே அளந்தால் 480 வராது, பூஜ்யமும் வராது, 415 வரும். ஏன் என்பதை ஸ்கேலும் பாகைமானியும் கொண்டு வரைந்தே பார்த்துவிடலாம்.

தாளின் நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். அது நியூட்ரல். 40 வோல்ட்டுக்கு 1 செ.மீ. என்று கணக்கு வைத்து, அந்தப் புள்ளியிலிருந்து 6 செ.மீ. நீளத்தில் மூன்று கோடுகள் வரையுங்கள். கோட்டுக்குக் கோடு 120 பாகை விலக வேண்டும். மூன்று முனைகளும் ஒரே நேரத்தில் உச்சம் தொடாமல், சுழற்சியில் மூன்றில் ஒரு பங்கு முன்பின்னாக வருவதை இந்தக் கோணம்தான் காட்டுகிறது. இனி இரண்டு கோடுகளின் வெளி நுனிகளை இணைத்து அளந்து பாருங்கள். 10.4 செ.மீ. இருக்கும், அதாவது சுமார் 415 வோல்ட். இதுதான் லைன் வோல்டேஜ். 6 செ.மீ. கோடு ஃபேஸ் வோல்டேஜ். முன்னது பின்னதைப் போல் எப்போதும் 1.732 மடங்கு, அதாவது √3.

அந்த மூன்று கோடுகளின் இடத்தில் மூன்று சுருள்களை வரைந்தால் ஸ்டார் இணைப்பு. நடுப்புள்ளியை விட்டுவிட்டு, முக்கோணத்தின் பக்கங்களில் சுருள்களை வைத்தால் டெல்டா. டெல்டாவில் ஒவ்வொரு சுருளும் இரண்டு லைன்களுக்கு நடுவே நேராக நிற்பதால் முழு 415 வோல்ட்டும் அதன்மேல் விழும். மின்னோட்டத்தில் கதை மாறுகிறது. ஸ்டாரில் லைனில் வருவது அப்படியே சுருளில் போகும். டெல்டாவில் ஒவ்வொரு மூலையும் இரண்டு சுருள்களுக்குக் கொடுப்பதால், லைனில் ஓடுவது சுருளில் ஓடுவதைப் போல் 1.732 மடங்கு.

மோட்டாரின் டெர்மினல் பாக்ஸைத் திறந்தால் இந்த இரண்டு படங்களும் பித்தளைத் தகடுகளாகத் தெரியும். மேல் வரிசையில் U1, V1, W1. கீழே W2, U2, V2. கீழ் வரிசை ஓரிடம் தள்ளி இருப்பது காரணத்தோடுதான். கீழே உள்ள மூன்றையும் குறுக்கே இணைத்தால் ஸ்டார். மேலும் கீழுமாக மூன்று தகடுகளை நேராகப் போட்டால் டெல்டா தானாக அமைந்துவிடும்.

நேம் பிளேட்டில் ‘415 V Δ’ என்றுள்ள 5 குதிரைத்திறன் பம்ப் மோட்டாரை, ரீவைண்டிங் முடிந்து வந்தபின் தவறுதலாக ஸ்டாரில் இணைத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். சுருளுக்குக் கிடைப்பது 240 வோல்ட்தான். முறுக்குவிசை மூன்றில் ஒரு பங்காகக் குறையும். சும்மா ஓடும்போது குறை தெரியாது. தண்ணீரைத் தள்ளும்போதுதான் வேகம் தளர்ந்து, மின்னோட்டம் ஏறி, உடம்பு சுடும். ஓவர்லோடு ரிலே விழும். ‘240/415 V, Δ/Y’ என்றுள்ள மோட்டாரை 415 வோல்ட்டில் டெல்டாவாக இணைப்பது இதைவிட ஆபத்து. சுமையே இல்லாதபோதும் மின்னோட்டம் எகிறும், உறுமல் கேட்கும், சுருள் கருகும்.

ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் அந்தக் குறைந்த 240 வோல்ட்டைத் தொடக்கத்துக்கு மட்டும் பயன்படுத்துகிறது. முதலில் ஸ்டார், சில நொடிகளில் டெல்டா. அதற்கு மோட்டாரிலிருந்து ஆறு கம்பிகள் தனித்தனியே போக வேண்டும். பாக்ஸில் டெல்டா தகடுகளைக் கழற்றாமல் விட்டால், ஸ்டார் கான்டாக்டர் மூடிய அந்த நொடியே மூன்று லைன்களும் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகிவிடும்.