நாய்க்கடிக்கு ஏன் இரண்டு வகை ஊசி?

தெருநாய் கடித்து ரத்தம் வந்தவருக்கு மருத்துவமனையில் இரண்டு வகை ஊசி போடப்படுகிறது. ஒன்று தோளில் போடும் ரேபிஸ் தடுப்பூசி. மற்றொன்று கடிவாயிலேயே, புண்ணின் உள்ளும் ஓரங்களிலும் ஏற்றப்படும் ரேபிஸ் இம்யூனோகுளோபுலின். முதல் ஊசி வைரஸை எதிர்க்கும்படி உடலைப் பழக்குகிறது. இரண்டாவது ஊசியில் உடல் செய்ய வேண்டிய வேலை எதுவும் இல்லை. வேறோர் உடலில் தயாரான எதிர்ப்பொருள் அதில் அப்படியே வந்து சேர்கிறது. மருந்தியல் பாடத்தில் முன்னதற்குச் செயலாக்க நோய்த்தடுப்பு என்றும் பின்னதற்கு மந்தமான நோய்த்தடுப்பு என்றும் பெயர். ‘மந்தமான’ என்ற சொல் சற்றே ஏமாற்றும். வேகம் முழுக்க இரண்டாவதில்தான் இருக்கிறது. மந்தமாக இருப்பது அதைப் பெற்றுக்கொள்ளும் உடல் மட்டுமே.

ரேபிஸ் தடுப்பூசியில் இருப்பது செயலிழக்கச் செய்யப்பட்ட வைரஸ். அதனால் நோயை உண்டாக்க முடியாது. ஆனால் அதன் மேலுறைப் புரதம் சிதையாமல் இருப்பதால், நோய் எதிர்ப்பு அணுக்கள் அதை இன்னாரென்று கண்டுகொள்ளும். பொருத்தமான பி அணுக்கள் பெருகி, எதிர்ப்பொருளைச் சுரக்கத் தொடங்கி, ரத்தத்தில் போதுமான அளவு சேர 7 முதல் 14 நாள் ஆகிறது. ஒரு மில்லிலிட்டர் சீரத்தில் 0.5 சர்வதேச அலகு இருந்தால் தடுப்பூசி வேலை செய்துவிட்டது என்று கொள்கிறார்கள். அந்த அளவை எட்டவும், எட்டியபின் நிலைக்கவும்தான் பல தவணைகள். தசையில் போடும் முறையில் 0, 3, 7, 14, 28 ஆகிய நாட்களில் ஐந்து ஊசி. தோலினுள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் ஒவ்வொரு கைக்கும் 0.1 மில்லி. இந்த ‘0’ நாய் கடித்த நாள் அல்ல, முதல் ஊசி போட்ட நாள். கணக்குத் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். தசையில் போடும் ஊசிக்கும் இடம் முக்கியம். பெரியவர்களுக்குத் தோள் தசை, கைக்குழந்தைகளுக்குத் தொடையின் முன்-வெளிப்பக்கம். பிட்டத்தில் போடக் கூடாது. அங்கே கொழுப்பு அதிகம் என்பதால் மருந்து தசைக்குப் போய்ச் சேராமல் தங்கிவிடும். எதிர்ப்பொருளும் குறைவாகவே உருவாகும்.

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய பயம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அது ஆட்டு மூளைத் திசுவில் தயாரித்த செம்பிள் தடுப்பூசியின் காலத்தது. மூளைத் திசு கலந்திருந்ததால் சிலருக்கு நரம்புப் பாதிப்பே வந்தது. அந்த வகை இந்தியாவில் கைவிடப்பட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகின்றன. இப்போதைய தடுப்பூசிகள் ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களிலிருந்து வருபவை.

சிக்கல் அந்த 7 முதல் 14 நாள் இடைவெளியில் இருக்கிறது. கடிவாயில் விழுந்த வைரஸ் முதலில் அங்குள்ள தசையில் தங்கி, பிறகு நரம்பு நுனிக்குள் நுழைந்து, நரம்பு வழியாகவே மூளையை நோக்கி நகர்கிறது. நரம்புக்குள் போய்விட்டால் எதிர்ப்பொருளால் அதை எளிதில் எட்ட முடியாது. காலில் கடி என்றால் மூளைக்குத் தொலைவு அதிகம். பெரும்பாலோருக்கு நோய் வெளிப்பட ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும். முகத்திலோ விரல்நுனியிலோ கடி என்றால் நரம்புகள் நெருக்கமாக இருப்பதால் அந்த அவகாசம் சுருங்கிவிடும். தடுப்பூசி மட்டும் போட்டவருக்கு, உடல் தயாராகும் முன்பே வைரஸ் முந்திக்கொள்ளலாம். நோய்க்குறி தோன்றிவிட்டால் ஊசி எதுவும் பயன்படாது. மரணம் ஏறக்குறைய நிச்சயம்.

இந்த இடைவெளி எவ்வளவு ஆபத்தானது என்பது 1954இல் ஈரானில் தெரியவந்தது. வெறிபிடித்த ஓநாய் ஒன்று 29 பேரைக் கடித்தது. அவர்களில் 18 பேருக்குத் தலையில் காயம். தெஹ்ரானின் பாஸ்டர் நிலையத்தில் சிகிச்சை பெற்ற அந்தப் பதினெட்டுப் பேரில் ஐவருக்குத் தடுப்பூசி மட்டும் கிடைத்தது, மூவர் இறந்தனர். தடுப்பூசியோடு எதிர்ச்சீரமும் பெற்ற 13 பேரில் இறந்தவர் ஒருவரே. எண்ணிக்கை சிறிதுதான். ஆனால் வேண்டுமென்றே ஒரு சாராருக்குச் சீரத்தை மறுத்து யாரும் இப்படி ஒரு சோதனை நடத்த முடியாது என்பதால், பால்தசார், பஹ்மன்யார் இருவரும் வெளியிட்ட இந்த விவரத்துக்கு இன்றுவரை மதிப்பு இருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும் வழக்கத்துக்கு அது வலுவான ஆதாரமானது.

மந்தமான தடுப்புக்கான மருந்து இரண்டு மூலங்களிலிருந்து வருகிறது. தடுப்பூசி போட்டுக்கொண்ட மனிதர்கள் தானமாகத் தரும் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுப்பது மனித இம்யூனோகுளோபுலின். குதிரைக்குத் திரும்பத் திரும்ப ஊசி போட்டு, அதன் ரத்தத்திலிருந்து எடுப்பது எதிர்ச்சீரம். 1890இல் பேரிங், கிட்டசாட்டோ இருவரும் தொண்டை அடைப்பான், டெட்டனஸ் நஞ்சுகளைக் கொண்டு காட்டிய வழி இது. 1901இல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு பேரிங்குக்குக் கிடைத்ததும் இந்தச் சீர சிகிச்சைக்காகத்தான். அன்று கொடுத்தது பெரும்பாலும் குதிரையின் சீரமேதான். இன்று அதைச் சுத்திகரித்து, பெப்சின் நொதியால் எதிர்ப்பொருளின் அடிப்பகுதியை வெட்டி நீக்கி, வைரஸைப் பிடிக்கும் பகுதியை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். ஒவ்வாமை குறைகிறது, ஆனால் வெட்டப்பட்ட எதிர்ப்பொருள் ரத்தத்தில் சீக்கிரமே மறைந்துவிடும். மனித எதிர்ப்பொருளில் பாதி கரைய ஏறக்குறைய மூன்று வாரம் ஆகிறது.

எனவே அளவும் வேறுபடுகிறது. உடல் எடையில் கிலோவுக்கு மனித வகை 20 அலகு, குதிரை வகை 40 அலகு. 15 கிலோ எடையுள்ள ஒரு குழந்தைக்குக் கன்னத்திலும் உதட்டிலும் காதோரத்திலும் கடி என்று வைத்துக்கொள்ளலாம். முதலில் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். வைரஸின் கொழுப்பு உறையைச் சோப்பு குலைத்துவிடும். குதிரை வகை என்றால் குழந்தைக்கு 15 × 40 = 600 அலகு. மில்லிக்கு 300 அலகு உள்ள சீசாவானால் அது 2 மில்லி. மூன்று காயத்துக்கும் இது போதாது. அதற்காக அளவைக் கூட்டக் கூடாது. சலைன் கலந்து 4 அல்லது 6 மில்லியாக்கி, எல்லாக் காயத்திலும் படும்படி ஏற்ற வேண்டும். தையல் போடுவதைக் கூடுமானவரை தவிர்ப்பார்கள். தவிர்க்க முடியாதபோது மருந்தை ஏற்றி, அது பரவ நேரம் கொடுத்துவிட்டுத் தளர்வாகப் போடுவார்கள். தடுப்பூசி அதே நாளில், வேறு சிரிஞ்சில், காயத்துக்குத் தொலைவாகத் தோளில்.

அளவைக் கூட்டக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. வெளியிலிருந்து வரும் எதிர்ப்பொருள் நாய் தந்த வைரஸையும் பிடிக்கும், தடுப்பூசியில் உள்ள வைரஸையும் பிடிக்கும். அது மிகுந்துபோனால் உடல் பாடம் கற்க வேண்டிய பொருளையே மறைத்துவிடும். சொந்த எதிர்ப்பொருள் குறைவாகவே உருவாகும். ஒரே சிரிஞ்சில் இரண்டையும் கலந்தாலும், ஒரே இடத்தில் போட்டாலும் அதே கதிதான். முதல் தடுப்பூசி போட்டு ஏழு நாள் கடந்தபின் இம்யூனோகுளோபுலின் கொடுக்காததற்கும் இதுவே காரணம். அதற்குள் உடல் தன் வேலையைத் தொடங்கியிருக்கும். இனி வரும் உதவி இடைஞ்சலாகிவிடும். இந்தத் தகராறு உயிருள்ள வைரஸ் தடுப்பூசிகளில் இன்னும் கடுமை. இம்யூனோகுளோபுலின் பெற்ற குழந்தைக்குத் தட்டம்மைத் தடுப்பூசியைச் சில மாதம் தள்ளிப்போடுகிறார்கள். உடலில் பெருகி வேலை செய்ய வேண்டிய அந்த வைரஸைக் கடனாக வந்த எதிர்ப்பொருள் முளையிலேயே அழித்துவிடும்.

குதிரைச் சீரத்துக்கு வேறொரு ஆபத்தும் இருக்கிறது. அது அந்நியப் புரதம். சிலருக்குப் போட்ட சில நிமிடங்களிலேயே அரிப்பு, மூச்சிறைப்பு, ரத்த அழுத்தச் சரிவு வரலாம்; தொடையில் போடும் அட்ரினலின்தான் அதற்கு மருந்து. அதை எடுத்து வைத்துக்கொண்டே சீரத்தைத் தொடுகிறார்கள். தோலில் துளி விட்டுப் பார்க்கும் பழைய சோதனை யாருக்கு இப்படி ஆகும் என்பதைச் சரியாக முன்கூட்டிச் சொல்வதில்லை என்பதால், உலக சுகாதார நிறுவனம் அதைக் கேட்பதில்லை. வேறு சிலருக்கு ஒன்று இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல், தடிப்பு, மூட்டுவலி வரும். இது சீர நோய். குதிரைப் புரதத்துக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள் அதனோடு சேர்ந்து ரத்தக்குழாயில் படிவதால் வருவது.

தடுப்பூசியே இல்லாத இடத்தில் எதிர்ச்சீரம் தனியாக நிற்கிறது. பாம்புக்கடி அப்படிப்பட்டது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் சேர்த்து இந்தியாவில் ஒரே எதிர்ச்சீரம் தயாராகிறது. குதிரைக்கு ஏற்றுவதற்கான நஞ்சைத் தருவதில், சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இங்கே அளவுக் கணக்கு தலைகீழ். ரேபிஸ் இம்யூனோகுளோபுலினை எடை பார்த்துக் கொடுக்கிறார்கள். பாம்பு எதிர்ச்சீரத்தைக் குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவில்தான் கொடுக்கிறார்கள். முறிக்க வேண்டியது பாம்பு செலுத்திய நஞ்சை; கடிபட்டவர் சிறியவர் என்று பாம்பு நஞ்சைக் குறைத்துச் செலுத்துவதில்லை.

ஒருமுறை முழுத் தவணையும் ரேபிஸ் தடுப்பூசி போட்டவரை மறுபடி நாய் கடித்தால், 0, 3 ஆகிய நாட்களில் இரண்டு ஊசி போதும். காயம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் இம்யூனோகுளோபுலின் தேவையில்லை. நினைவு அணுக்கள் ஒரு சில நாட்களிலேயே எதிர்ப்பொருளைப் பெருக்கிவிடும். முதல் முறை ஏற்றிய குதிரைச் சீரம் இதில் எந்த உதவியும் செய்வதில்லை. அது எப்போதோ கரைந்துவிட்டது. உடலில் அது விட்டுச் சென்றிருக்கக்கூடியது குதிரைப் புரதத்தின் மீதான ஒவ்வாமை மட்டுமே. அதனால்தான் பாம்பு கடித்து வருபவரிடமும் முன்பு குதிரைச் சீரம் ஏதும் போட்டதுண்டா என்று கேட்டுவிட்டு எதிர்ச்சீரத்தை ஏற்றத் தொடங்குகிறார்கள்.