ஷோகேஸில் ஒரே ஒரு புடவை

சாதாரணமாக நடந்து போகிறவர் எட்டடி அகலமுள்ள ஒரு கடைக் கண்ணாடியை இரண்டே நொடிகளில் கடந்துவிடுவார். நம் ஊர்ப் பட்டுக்கடைகளில் பலவும் அந்த இரண்டு நொடிக்குள் இருபது புடவைகளைக் காட்டப் பார்க்கின்றன. நான்கு பொம்மை, அவற்றின் காலடியில் விசிறி மடிப்பாக அடுக்கிய புடவைகள், பின்னால் தள்ளுபடி பேனர், மேலே டியூப் லைட். கண் எதில் நிற்பதென்று தெரியாமல் வழுக்கிப் போய்விடுகிறது. கடையில் இருக்கிற சரக்கையெல்லாம் காட்டும் வேலை உள்ளே இருக்கும் ரேக்குகளுக்கு உரியது. ஷோகேஸின் வேலை ஆளை நிறுத்துவது.

ஒரு முகூர்த்த மாதத்துக்காக ஷோகேஸ் அமைப்பதாக வைத்துக்கொள்வோம். அகலம் எட்டடி, ஆழம் மூன்றடி, நடைபாதையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் அதன் தளம். 'கல்யாண சீசன்' என்று மட்டும் கருப்பொருள் வைத்தால் எதையும் உள்ளே நுழைக்கலாம். வாழைமரமும் வரும், நாதஸ்வரமும் வரும், பிளாஸ்டிக் மாவிலையும் வரும். அதனால் கருப்பொருளை ஒரு காட்சியாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். 'முகூர்த்தத்துக்கு முந்தைய இரவு, கூறைப்புடவையைப் பெட்டியிலிருந்து எடுக்கிறார்கள்' என்று சொன்னதும் என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்பது தானாகத் தெரிந்துவிடும். திறந்த தேக்குப் பெட்டி ஒன்று, அரக்கு நிறக் காஞ்சிப் பட்டு ஒன்று, மஞ்சள் கிழங்கும் வெற்றிலையும் வைத்த பித்தளைத் தட்டு ஒன்று. நாதஸ்வரம் மறுநாள் காலைக்கு உரியது, அதற்கு இங்கே இடமில்லை. மல்லிகைச் சரம் வேண்டுமென்றால் தினமும் புதிதாக வைக்க ஆள் இருக்க வேண்டும். வாடிய பூவும் பிளாஸ்டிக் பூவும் விலை உயர்ந்த பட்டைக்கூட மலிவாகக் காட்டிவிடும்.

நியூயார்க்கின் டிஃபனி நகைக்கடை ஜன்னல்களை 1955 முதல் பல பத்தாண்டுகள் அலங்கரித்தவர் ஜீன் மூர். சிறிய ஜன்னல்கள் அவை. விலைமதிப்பில்லாத கற்களை அன்றாடம் புழங்கும் சாதாரணப் பொருள்களுக்கு நடுவே வைத்துப் பெயர் வாங்கினார். நகை எத்தனை என்பதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. கடை சிறிதாக இருப்பவர்கள் படிக்க வேண்டிய பாடம் அவரிடம்தான் இருக்கிறது என்பேன்.

அடுத்தது, கண் முதலில் எங்கே விழ வேண்டும் என்பது. நம் காட்சியில் அது முந்தானைதான். நிற்பவரின் கண் நடைபாதையிலிருந்து ஏறத்தாழ ஐந்தடி உயரத்தில் இருக்கும். தளம் ஒன்றரை அடி உயர்ந்திருப்பதால், முந்தானையின் ஜரிகை வேலை தளத்திலிருந்து மூன்று, மூன்றரை அடியில் வர வேண்டும். மேலே ஒரு கம்பியிலிருந்து முந்தானை விரிந்து தொங்கி, உடல் பகுதி கீழே பெட்டிக்குள் இறங்குவது போல அமைத்தால், பெட்டி, தட்டு எல்லாமே கண்ணை அங்கே ஏற்றிவிடும். பட்டில் குண்டூசி குத்தக் கூடாது, துளை தெரியும். துணி சுற்றிய கிளிப்பும் தூண்டில் நரம்பும் போதும்.

முந்தானையை நட்ட நடுவில் தொங்கவிடத் தேவையில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து வரும் கூட்டம் பெரும்பாலும் இடப்பக்கமிருந்து வருகிறதென்றால், அதை வலப்பக்க மூன்றில் ஒரு பங்கில் வைத்து, வருகிறவர்களை நோக்கிச் சற்றே திருப்ப வேண்டும். ஜன்னலை நெருங்கும் முன்பே அது சாய்வாகக் கண்ணில் படத் தொடங்கும். இரண்டு நொடி நான்கு நொடியாவது இப்படித்தான். நேராக நின்று பார்க்க அழகாக இருக்கும்படி அமைத்துவிட்டு, நடந்து வருகிறவருக்கு என்ன தெரிகிறது என்று பார்க்காமல் விடுவதுதான் இதில் அதிகம் நடக்கும் பிழை.

ஜன்னலின் உயிர் வெளிச்சத்தில் இருக்கிறது. டியூப் லைட் எல்லாவற்றின் மேலும் ஒரே அளவாகப் பரவுவதால் மடிப்பின் நிழல் போய்விடும், ஜரிகையும் மஞ்சள் நூல் போலத் தட்டையாகத் தெரியும். ஜரிகை மின்ன வேண்டுமானால் வெளிச்சம் ஓரிடத்திலிருந்து குவிந்து வர வேண்டும். பதினைந்து வாட் அளவில் குறுகிய கற்றை தரும் எல்.இ.டி. ஃபோகஸ் லைட் ஒன்றைக் கண்ணாடிக்குச் சற்று உள்ளே, மேல் முகட்டில், முந்தானைக்கு நேராக இல்லாமல் ஒரு பக்கமாகத் தள்ளிப் பொருத்தி, நாற்பத்தைந்து பாகைச் சாய்வில் இறக்க வேண்டும். எதிர்ப்பக்கத்திலிருந்து பாதி பலத்தில் இன்னொன்று, நிழல் கறுத்துப் போகாமல் இருக்க. பின்பலகைக்குப் பரவலான மங்கல் விளக்கு ஒன்று. முந்தானையின் மேல் விழும் வெளிச்சம் சுற்றுப்புறத்தைவிட ஐந்து மடங்காவது இருந்தால்தான் அது தனித்து எழும். எல்லாவற்றையும் பளிச்சென்று ஆக்கினால் எதுவுமே பளிச்சென்று தெரியாது.

விளக்கு வாங்கும்போது இரண்டைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று, 3000 கெல்வின் வார்ம் ஒயிட். இன்னொன்று, நிறத்தை உள்ளபடி காட்டும் திறனைச் சொல்லும் சி.ஆர்.ஐ. எண் 90 அல்லது அதற்கு மேல். மலிவான எல்.இ.டி.யில் சிவப்பு செத்துப் போகும். அரக்கு பழுப்பாகத் தெரியும். சந்தேகமாக இருந்தால் அதே புடவையை வாசலில் பகல் வெளிச்சத்திலும் விளக்கின் கீழும் மாற்றி மாற்றிப் பாருங்கள். நடைபாதையில் நிற்பவரின் கண்ணுக்கு பல்பு நேராகத் தெரியக் கூடாது. தெரிந்தால் அவர் கண் கூசி அடுத்த கடைக்குப் போய்விடுவார். முகட்டின் முன்விளிம்பில் அரை அடிப் பலகை அடித்தால் பல்பு மறைந்துவிடும்.

பகலில் வேறொரு தொல்லை உண்டு. கண்ணாடி தன் மேல் விழும் வெளிச்சத்தில் நூற்றில் எட்டுப் பங்கைத் திருப்பி அனுப்பும். எதிர்ச்சாரிச் சுவரில் உச்சி வெயில் அடிக்கும்போது அந்த எட்டுப் பங்கே உள்ளிருக்கும் விளக்குகளைத் தோற்கடிக்கப் போதும். பார்ப்பவருக்குப் புடவை தெரியாது. எதிரே இருக்கும் செல்போன் கடையும் தன் முகமும்தான் தெரியும். வாட்டைக் கூட்டி இதை வெல்ல முடியாது. கண்ணாடிக்கு மேல் நீண்டு இறங்கும் சாய்ப்பு கொஞ்சம் காப்பாற்றும். பின்பலகையின் நிறமும் உதவும். கறுப்புப் பின்னணி இரவில் எடுப்பாக இருந்தாலும் பகலில் ஜன்னலை முழு நிலைக்கண்ணாடியாக மாற்றிவிடும். வெளிர் சந்தன நிறப் பலகையில் விளக்கு பட்டால் பிரதிபலிப்பு மங்கும், அரக்குப் பட்டும் அதன் மேல் நன்றாக எடுபடும். அந்தப் பலகையே கடையின் உள்ளே தெரியும் பில் மேசையையும் மூட்டைகளையும் மறைத்துவிடும்.

அமைத்து முடித்ததும் சாலையின் எதிர்ப்பக்கம் போய்க் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். விவரமெல்லாம் மங்கி, எஞ்சி நிற்கும் வெளிச்சத் திட்டு முந்தானையாக இருக்க வேண்டும். பித்தளைத் தட்டு முந்திக்கொண்டால் அதை விளக்கின் கற்றையிலிருந்து நகர்த்துங்கள். இதை உச்சி வேளையில் ஒருமுறை, இருட்டிய பிறகு ஒருமுறை செய்ய வேண்டும்.

புடவையைப் பதினைந்து நாளுக்கு மேல் அங்கே விட வேண்டாம். விளக்கைவிட வெயில்தான் பட்டின் சாயத்தைத் தின்னும், மடிப்பின் வெளிவிளிம்பில் கோடாக வெளுக்கும். தினமும் அதே வழியாகப் போகிறவர்களுக்கும் இரண்டு வாரத்தில் காட்சி பழகி, அங்கே ஜன்னல் இருப்பதே மறந்துவிடும். 1909இல் லண்டனில் கடை திறந்த செல்ஃப்ரிட்ஜ், கடை மூடிய பிறகும் ஜன்னல் விளக்குகளை எரியவிட்டார். இங்கே மூன்று எல்.இ.டி. விளக்குகளும் சேர்ந்து நாற்பது வாட்கூட வராது. ஷட்டருக்குப் பதில் கம்பிக் கதவு போட்டு, டைமரில் இரவு பதினொன்று வரை எரியவிட்டால், இரண்டாவது ஆட்டம் சினிமாவுக்குப் போகிறவர்களும் பார்ப்பார்கள். மின்சாரச் செலவு ஒரு மாதத்துக்கு மூன்று யூனிட்டைத் தாண்டாது.