கேப்ஸ் லாக் இருந்த இடத்தில் தேடல் விசை

குரோம்புக் மடிக்கணினியில் A எழுத்துக்கு இடப்பக்கம் உள்ள விசையில் உருப்பெருக்கிக் கண்ணாடியோ சிறு வட்டமோ பொறித்திருக்கும். மற்ற கணினிகளில் கேப்ஸ் லாக் இருக்கும் இடம் அது. அதைத் தட்டினால் எழுத்து பெரிதாகாது. திரையில் தேடல் பெட்டி திறக்கும். வலப்பக்கம் டெலீட் விசையைத் தேடினால் அதுவும் கிடைக்காது. ஹோம், எண்ட், பேஜ் அப், பேஜ் டவுன் விசைகளும் இல்லை. F1 முதலிய விசைகள் இருக்க வேண்டிய மேல் வரிசையில் பின் செல், மீளேற்று, முழுத்திரை, வெளிச்சம், ஒலி ஆகியவற்றுக்கான குறிகள் இருக்கும்.

2010 டிசம்பரில் கூகுள் சோதனைக்காக வழங்கிய Cr-48 என்ற கணினியிலேயே இந்த மாற்றம் வந்துவிட்டது. அடுத்த ஆண்டு ஏசர், சாம்சங் நிறுவனங்கள் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் குரோம்புக்குகளிலும் அது தொடர்ந்தது. கேப்ஸ் லாக் தட்டச்சுப் பொறியிலிருந்து வந்த விசை. பொறியில் ஷிஃப்டை அழுத்தும்போது கனமான பாகம் ஒன்று நகரும். அதை விரலால் பிடித்துக்கொண்டே ஒரு வரி முழுவதும் அடிப்பது கடினம் என்பதால் பூட்டிவைக்க ஒரு விசை தேவைப்பட்டது. கணினியில் அந்தச் சிரமம் இல்லை. 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் கேப்ஸ் லாக் வலது கீழ்ப்பக்கம்தான் இருந்தது. A-க்குப் பக்கத்தில் கண்ட்ரோல் இருந்தது. பின்னர் வந்த ஐபிஎம் விசைப்பலகையே இன்றைய இடத்தை நிலைக்கவைத்தது. அதிகம் பயன்படாத ஒரு விசைக்கு விரலுக்கு மிக வசதியான இடத்தைக் கொடுத்திருப்பது வீண் என்ற கூகுளின் முடிவில் நியாயம் உண்டு. ஆனால் பல ஆண்டுப் பழக்கத்தில் விரல் தானாக அங்கே போகிறவர்களுக்கு முதல் சில நாட்கள் தொல்லைதான்.

தொல்லை எப்படித் தெரியும் என்றால், எழுதிக்கொண்டிருக்கும் வாக்கியத்தின் பாதி ஆவணத்தில் இருக்கும், மீதி தேடல் பெட்டிக்குள் போய் விழுந்திருக்கும். ஆவணத்தில் எதுவும் கெட்டுவிடவில்லை. அதே விசையை மறுபடி தட்டினாலோ எஸ்கேப் விசையை அழுத்தினாலோ பெட்டி மூடிக்கொள்ளும். விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

கேப்ஸ் லாக் வசதி அழிந்துவிடவில்லை. ஆல்ட் விசையையும் தேடல் விசையையும் சேர்த்து அழுத்தினால் அது இயங்கும். இயங்குகிறது என்ற அறிவிப்பும் திரையில் தோன்றும். மீண்டும் அதே இரண்டையும் அழுத்தினாலோ, ஷிஃப்டை ஒருமுறை தட்டினாலோ அணைந்துவிடும். ஷிஃப்டால் அணைவது தெரியாதவர்கள், பெரிய எழுத்தில் தலைப்பு அடிக்கும்போது நடுவே தவறுதலாக ஷிஃப்டை மட்டும் தட்டிவிட்டு, மீதி எழுத்துகள் சிறிதாக விழுவதைக் கண்டு குழம்புவதுண்டு.

காணாமல் போன மற்ற விசைகளைப் பிடிக்க ஒரே சூத்திரம் போதும். தேடல் விசையைத் தட்டினால் அது தேடும். பிடித்துக்கொண்டு இன்னொரு விசையை அழுத்தினால் அந்த விசையின் வேலை மாறும். தேடலுடன் பேக்ஸ்பேஸ் சேர்ந்தால் டெலீட். தேடலுடன் இடது அம்பு வரியின் தொடக்கத்துக்கும், வலது அம்பு வரியின் முடிவுக்கும் கொண்டுபோகும். மேல் அம்பும் கீழ் அம்பும் பக்கம் பக்கமாக நகர்த்தும். F1 போன்றவை தேவைப்பட்டால் தேடலைப் பிடித்தபடி மேல் வரிசையில் அந்த இடத்தில் உள்ள விசையை அழுத்த வேண்டும். அம்பு எந்தத் திசையோ அந்தத் திசைக்கே பயணம் என்பதால் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியது குறைவு. பழைய பதிப்புகளில் ஆல்ட்டுடன் பேக்ஸ்பேஸ் அழுத்தினாலும் டெலீட் ஆகும். இன்னும் பல பழைய கையேடுகளில் அந்த வழிதான் இருக்கிறது. தேடல் விசையோடு பழகுவதே நல்லது.

டெலீட் இல்லாவிட்டால் என்ன, பேக்ஸ்பேஸ் போதாதா என்று தோன்றலாம். ஆங்கிலத்தில் பெரும்பாலும் போதும். தமிழில் இரண்டும் ஒரே வேலையைச் செய்வதில்லை. ஓர் உயிர்மெய் எழுத்து கணினிக்குள் பொதுவாக இரண்டு துண்டுகளாக இருக்கிறது: ‘யி’ என்பது ‘ய’ என்ற எழுத்தும் இகரக் குறியும். குரோமில் பேக்ஸ்பேஸ் பின்பக்கமாக ஒவ்வொரு துண்டாகக் கழற்றும். டெலீட் முன்னால் இருக்கும் எழுத்தை முழுதாக எடுத்துவிடும்.

‘கோயில்’ என்று அடித்ததை ‘கோவில்’ என்று மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சுட்டியை ‘யி’க்குப் பின்னால் வைத்து பேக்ஸ்பேஸை ஒருமுறை தட்டினால் ‘கோயல்’ என்று நிற்கும். இகரக் குறி மட்டும் போயிருக்கிறது. இரண்டாம் முறை தட்டிய பிறகே ‘கோல்’ ஆகும். அதற்குப் பதிலாகச் சுட்டியை ‘கோ’வுக்கும் ‘யி’க்கும் இடையில் வைத்து, தேடலைப் பிடித்தபடி பேக்ஸ்பேஸைத் தட்டினால் ஒரே தட்டில் ‘கோல்’. அந்த இடத்திலேயே ‘வி’ அடித்துவிடலாம். அதே இடத்தில் தேடலைப் பிடிக்க மறந்து பேக்ஸ்பேஸை மட்டும் தட்டினால் ஓகாரக் குறி கழன்று ‘கயில்’ என்று ஆகிவிடும். சொல்லின் நடுவே குறி மட்டும் உதிர்ந்து நின்றால், தேடல் விசை சரியாக அழுந்தவில்லை என்று பொருள். கண்ட்ரோலுடன் Z அழுத்தி மீட்டுக்கொள்ளலாம். குறி மட்டும் தவறு என்றால் பேக்ஸ்பேஸே சிறந்தது. எழுத்து முழுவதும் தவறு என்றால் டெலீட்டே வேகம். தமிழில் அடிப்பவர்கள் டெலீட்டின் இந்த இரட்டை விசையை முதல் நாளே பழகிக்கொள்வது வீண்போகாது. தமிழுக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் இல்லாததால் கேப்ஸ் லாக் போனதில் தமிழுக்கு இழப்பும் இல்லை.

பழைய பழக்கத்தை விட முடியாதவர்களுக்கும் வழி உண்டு. அமைப்புகளில் Device, பிறகு Keyboard என்று சென்றால் தேடல் விசையைக் கேப்ஸ் லாக்காக மாற்றிக்கொள்ளலாம். மாற்றுவதற்கு முன் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும்: டெலீட், ஹோம், எண்ட் எல்லாமே அந்த ஒரு விசையைப் பிடித்துக்கொண்டு நடப்பவை. அது கேப்ஸ் லாக் ஆகிவிட்டால் அவற்றுக்கான பிடி போய்விடும். அப்படி மாற்றிவிட்டு, சில வாரங்கள் கழித்து டெலீட் வேலை செய்யவில்லை, விசைப்பலகை பழுது என்று முடிவுகட்டுவது எளிதில் நேரக்கூடிய தவறு. பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோகுமுன் இந்த அமைப்பைத் திறந்து பார்த்தால் போதும்.

நாள் முழுவதும் ஆவணம் திருத்துகிறவர்களுக்குத் தனி விசைப்பலகை ஒன்றை இணைப்பதே மேல். விண்டோஸ் கணினிக்கான சாதாரண விசைப்பலகையைச் செருகினால், அதில் உள்ள கேப்ஸ் லாக்கும் டெலீட்டும் தம் பெயருக்கேற்ற வேலையைச் செய்யும். விண்டோஸ் சின்னமுள்ள விசை தேடல் விசையாகிவிடும்.

இந்த விசையின் இடமும் நிலையாக இருந்துவிடவில்லை. 2024இல் வந்த சாம்சங் கேலக்ஸி குரோம்புக் பிளஸ் கணினியில் A-க்குப் பக்கத்து இடம் Quick Insert என்ற புதிய விசைக்குப் போனது. தேடல் விசை இடது கீழ் வரிசைக்கு இறங்கியது.